இரவு ஷிஃப்ட் மேல் விழுந்த பழி

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, ஜூனியர் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கவர் லெட்டர்கள் நிறைய என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன. பெரும்பாலானவை முதல் பத்தியிலேயே மன்னிப்புக் கேட்கும்: "நான் மெக்கானிக்கல் படித்திருந்தாலும், டேட்டா துறையில் ஆர்வம் அதிகம்." அடுத்து எக்செல், எஸ்க்யூஎல், பைதான், பவர் பிஐ என்று ஒரு பட்டியல். அதே பட்டியல் ரெஸ்யூமேயிலும் இருக்கும். படிப்பவருக்குத் தெரியவேண்டியதோ வேறு: எண்களைக் கையில் கொடுத்தால் இந்தப் பையன் என்ன செய்வான்?

கோவைப் பக்கத்து மாணவர் ஒருவரின் கடிதமும் அப்படித்தான் இருந்தது. "இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்தாய்?" என்று கேட்டேன். பம்ப் பாகங்கள் வார்க்கும் பவுண்டரி ஒன்றில் ஒரு மாதம் இருந்திருக்கிறார். "ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எக்செல்லில் ஏத்தச் சொன்னாங்க சார், அவ்வளவுதான்" என்றார். அவர் அலட்சியமாகச் சொன்ன அந்த வேலையில்தான் கடிதம் இருந்தது.

ரிஜிஸ்டரில் ஒரு வரிக்கு 20 உருப்படிகள். பகலில் வார்த்த 1,000 உருப்படிகளில் 36 கழிந்திருந்தன. இரவில் வார்த்த 1,000-ல் 84. அதாவது 3.6 சதவீதமும் 8.4 சதவீதமும். நைட் ஷிஃப்ட் ஆட்கள் கவனமில்லாதவர்கள் என்று பவுண்டரியில் பேச்சு. இவர் பாகத்தின் பெயரையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பம்ப் கேசிங் பகலில் 800-க்கு 16, இரவில் 200-க்கு 4; இரண்டுமே 2 சதவீதம். இம்பெல்லர் பகலில் 200-க்கு 20, இரவில் 800-க்கு 80. இரண்டுமே 10 சதவீதம். ஆள் மாறியதால் எதுவும் மாறவில்லை. இம்பெல்லரின் இறக்கைகள் மெல்லியவை. உருகிய இரும்பு அவற்றின் நுனி வரை போய்ச் சேருமுன் உறைந்துவிட்டால் அந்த உருப்படி வீண். அச்சுகள் பகலில் தயாராகி, பெரும்பாலும் இரவில் வார்க்கப்பட்டதால் பழி மொத்தமும் இரவின் தலையில் விழுந்திருக்கிறது.

மொத்தத்தில் தெரியும் வித்தியாசம், பிரித்துப் பார்த்தால் காணாமல் போவது புள்ளியியலில் நன்கு அறிந்த பொறி. அனலிஸ்ட் தினமும் எதிர்கொள்வதும் இதுதான். ஆனால் பாகத்தின் பெயரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியதற்குக் காரணம், இறக்கை எவ்வளவு மெல்லியது என்று கண்ணால் பார்த்திருந்ததுதான். மெக்கானிக்கல் படிப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு அதே கணக்கை எஸ்க்யூஎல்லிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்:

```sql
SELECT part, shift,
       SUM(rejected) * 100.0 / SUM(made) AS pct
FROM register
GROUP BY part, shift;
```

முதலில் `SUM(rejected) / SUM(made) * 100` என்று எழுதியதில் எல்லா வரியிலும் 0 வந்ததாம். அவர் பயன்படுத்திய டேட்டாபேஸ், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிடும். அதனால்தான் `100.0`. இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேர்காணலுக்கு வைத்துக்கொள் என்றேன்.

மன்னிப்பை எடுத்துவிட்டு நடுப்பத்தியை இப்படி மாற்றினோம். கடிதம் ஆங்கிலத்தில் போனது, சாரம் இது:

"பவுண்டரி இன்டர்ன்ஷிப்பில், கையால் எழுதிய ஒரு மாத ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எக்செல்லில் ஏற்றினேன். 106 வரிகளில் 6-ல் ஷிஃப்ட் குறிக்கப்படவில்லை. அவற்றைத் தனியே வைத்தேன். மீதியில் இரவு ஷிஃப்டின் கழிவு 8.4%, பகலில் 3.6%. பாகவாரியாகப் பிரித்தபோது இரண்டு ஷிஃப்டும் சமம். இம்பெல்லர் 10%, கேசிங் 2%. இது ஒரு மாதக் கணக்கு மட்டுமே. எஸ்க்யூஎல்லை நானே படித்தேன். வேலையிடத்தில் இன்னும் பயன்படுத்தியதில்லை."

"கம்பெனிக்குப் பல லட்சம் மிச்சப்படுத்தினேன்" என்று ஒரு வரி சேர்க்க அவருக்கு ஆசை. வேண்டாம் என்றேன். கண்டுபிடித்ததற்கும் பவுண்டரி அதன்படி நடந்ததற்கும் நடுவே அவர் இல்லை. இரண்டாவது கேள்வியிலேயே அந்த வரி உடைந்துவிடும். கடைசி இரண்டு வாக்கியங்கள் தன்னைக் குறைத்துக் காட்டுவதாக அவர் பயந்தார். கணக்கின் எல்லை தெரிந்தவன் எழுதியது என்பதை அவைதான் காட்டுகின்றன, அப்படியே விடு என்றேன்.

நேர்காணலில் அந்த 6 வரிகளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "அத்தனையும் இரவு ஷிஃப்டாக இருந்தால்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தயாராகப் போயிருந்தார். 4 வரி கேசிங்: 80 உருப்படி, கழிவு 2. மற்ற 2 வரி இம்பெல்லர்: 40 உருப்படி, கழிவு 5. இம்பெல்லரை இரவில் சேர்த்தால் 840-க்கு 85, பகலில் சேர்த்தால் 240-க்கு 25. எப்படிப் பார்த்தாலும் 10 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. கேசிங்கும் அப்படியே 2-ஐ விட்டு நகரவில்லை. கேட்டவர் பேனாவை எடுத்து ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு, அந்த ரிஜிஸ்டரை யார் எழுதியது, ஷிஃப்ட் எழுத ஏன் மறந்தார்கள் என்று அடுத்த கேள்விக்குப் போனாராம்.