படகை நகர்த்தினால் மணல் காட்டிக்கொடுக்கும்

1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் கீஸா பிரமிடுகள் வந்தன. கார்டன் கேஹன் எடுத்த அந்தப் படம் அகலவாக்கில் இருந்தது, அட்டையோ உயரவாக்கு. படத்தை அட்டைக்குள் அடக்க, பிரமிடுகளைக் கணினியில் ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் எழுந்த சர்ச்சை, இன்றும் இதழியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. செய்திப் படத்தில் இந்த வேலை கூடவே கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாள்காட்டி, விளம்பரம், கல்யாண ஆல்பம் என்று வந்தால், படத்துக்குள் இருப்பதை அதே படத்துக்குள் இடம் மாற்றி வைப்பது அன்றாடத் தேவை. அன்று அதற்கு விலை உயர்ந்த தனி இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஃபோட்டோஷாப் போதும்.

அதில் வழிகள் இரண்டு. ஒன்று, 2012இல் சி.எஸ்.6 பதிப்போடு வந்த Content-Aware Move கருவி. பொருளைச் சுற்றிக் கோடு போட்டு இழுத்து விட்டால், பழைய இடத்தை அதுவே நிரப்பும்; புதிய இடத்தில் ஓரங்களையும் அதுவே கரைத்து ஒட்டும். மற்றது பழைய கைவேலை: பொருளைத் தனி லேயரில் நகல் எடுத்து, அது இருந்த இடத்தைத் தனியாக நிரப்பி, நகலை வேண்டிய இடத்தில் வைப்பது. முதல் வழி ஒரு நிமிடம், இரண்டாவது அரை மணி நேரம் என்று பலரும் நேரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். நேரத்தை வைத்து எடுக்க வேண்டிய முடிவு அல்ல இது. பள்ளத்தை நிரப்புவது, ஓரத்தை ஒட்டுவது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே மூச்சில் செய்ய அந்தப் படம் இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு கடற்கரைப் படத்தை எடுத்துக்கொள்வோம். 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். வலது பக்கம் மணலில் ஒரு ஃபைபர் படகு நிற்கிறது. பின்னால் ஈர மணல், அலை, அதற்கும் மேலே தொடுவானம். நாள்காட்டியில் தேதிக்கட்டம் வலது பக்கம் வருவதால், படகு இடது பக்கம் போயாக வேண்டும்.

முதலில் ஒரு வெற்று லேயர் போட்டு, Sample All Layers என்பதை டிக் செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் மூலப்படத்தில் கை படாது. பிறகு படகைச் சுற்றி லாசோ போடுவது போலக் கோடு போட வேண்டும். கோடு படகின் விளிம்பை ஒட்டிப் போகக் கூடாது. இருபது முப்பது பிக்சல் மணலையும் சேர்த்து, தளர்வாகப் போக வேண்டும். கருவி கரைத்து ஒட்டுவதற்குத் தேவையான சதை அந்த மணல்தான். படகின் நிழலும் கோட்டுக்குள் இருந்தாக வேண்டும். நிழலை விட்டுவிட்டால் படகு இல்லாத இடத்தில் படகின் நிழல் மட்டும் கிடக்கும்.

நேர் கிடையாக இடது பக்கம் இழுத்து விட்டதும் கருவி கணக்குப் போடும். இந்த நேரத்தில் அவசரப்பட்டு செலக்‌ஷனை எடுத்துவிடக் கூடாது. அது இருக்கும் வரை மேலே Structure, Color என்ற இரண்டு எண்களையும் மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் படம் புதிதாக நிரம்பும். Structure 1 முதல் 7 வரை. எண் கூடக்கூட, படத்தில் இருக்கும் வடிவங்களைக் கருவி விடாப்பிடியாகப் பின்பற்றும். Color 0 முதல் 10 வரை. நிறத்தை எவ்வளவு கலக்கலாம் என்பதற்கு. Ctrl+D அழுத்திய பிறகு இந்த வசதி போய்விடும்.

வெறும் மணலாக இருந்தால் முடிவு பெரும்பாலும் அருமையாக வரும். மணலுக்கு ஒழுங்கு கிடையாது. எந்தத் துண்டை எங்கே வைத்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். பிரச்சினை படகுக்குப் பின்னால் போகும் ஈரக்கோட்டில் வரும். இடது பக்கம் வரும் கோடும் வலது பக்கம் வரும் கோடும் நடுவில் சந்திக்காமல் படிக்கட்டு போல உடைந்து நிற்கும். Structure எண்ணை ஏற்றிப் பார்த்தும் கோடு சேரவில்லை என்றால், அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தரை ஓடு, செங்கல் சுவர், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இன்னொரு சிக்கல், தொட்டுக்கொண்டிருக்கும் பொருள். படகின் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார், அவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால், தளர்வான கோட்டுக்கு இடமே இல்லை. அவர் தோளும் சேர்ந்து கரைந்து படகோடு போய்விடும்.

அப்போது நகல் முறைதான். படகை அதன் நிழலோடு, இந்த முறை விளிம்பை ஒட்டியே தேர்ந்தெடுத்து Ctrl+J அழுத்தினால் தனி லேயராகிவிடும். அதை மறைத்துவிட்டு, மூலப்படத்தில் அதே செலக்‌ஷனை Select > Modify > Expand வழியாகப் பதினைந்து பிக்சல் போல விரித்துக்கொள்ள வேண்டும். ஆளைத் தொடும் பக்கம் மட்டும் விரிந்ததைக் கழித்துவிட வேண்டும். விரிக்காமல் நிரப்பினால் படகின் நீலப் பெயின்ட் ஓரம் ஒரு மெல்லிய கோடாக மணலில் தங்கிவிடும்.

பிறகு Edit > Content-Aware Fill. இங்கேதான் இந்த முறையின் பலம் இருக்கிறது. எங்கிருந்து துண்டு எடுக்கலாம் என்பதைப் பச்சை நிறம் காட்டும். அலையையும் அந்த ஆளையும் பச்சையிலிருந்து பிரஷ்ஷால் அழித்துவிட்டால், அவற்றிலிருந்து எதுவும் வராது. மணலை ஒரு முறை, ஈரக்கோட்டை ஒரு முறை என்று பிரித்தே நிரப்பலாம். ஒவ்வொன்றையும் புதிய லேயரில் வாங்கிக்கொண்டால், சரியில்லாததை மட்டும் தூக்கிப் போடலாம். கடைசியில் படகு லேயரை நகர்த்தி, மாஸ்க் போட்டு, அடிப்பகுதியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் மணலுக்குள் இறக்க வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும் படகு மேலே, அதாவது தூரத்துக்குப் போனால் அளவும் குறைய வேண்டும். கணக்கு எளிது. கேமரா சாயாமல் நேராகப் பிடித்து எடுத்த படம், தரையும் சமம் என்றால், பொருளின் உயரம் அதன் அடிக்கும் தொடுவானத்துக்கும் உள்ள இடைவெளியோடு சேர்ந்தே மாறும். படகின் அடி தொடுவானத்திலிருந்து 1500 பிக்சல் கீழே இருந்தது. இப்போது 1000 பிக்சலில் நிற்கிறது என்றால், படகு மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 67 சதவீதமாகச் சுருங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் படகு கப்பலாகிவிடும்.

நிழல் விஷயத்தில் வெயில் நல்ல நண்பன். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், படகு எங்கே போனாலும் நிழல் விழும் திசை மாறாது. மண்டபத்தில் ஒரே விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அப்படி இல்லை. குத்துவிளக்கை மின்விளக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தால் நிழல் எதிர்த்திசையில் விழ வேண்டும். ஒளி விழும் பக்கமும் மாற வேண்டும். அதற்கு நிழலைத் தனி லேயரில் புதிதாக வரைய வேண்டியிருப்பதால், அங்கே நகல் முறையைத் தவிர வேறு வழி இல்லை.

முடிந்த படத்தைச் சோதிக்க, மேலே ஒரு Curves லேயர் போட்டு நடுப்பகுதியை நன்றாகக் கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் தெரியாத ஒட்டுகள் இருட்டில் திட்டுத் திட்டாக எழுந்து வரும். அடுத்து 100 சதவீத அளவில், படகு முன்பு இருந்த இடத்தில் ஏதாவது ஒரு சிப்பியையோ காலடித் தடத்தையோ குறித்துக்கொண்டு, அதே சிப்பி அதே கோணத்தில் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். இரட்டைச் சிப்பி கிடைத்தால் ஒன்றை குளோன் ஸ்டாம்ப்பால் மூடிவிட்டு, Curves லேயரை அணைத்த பிறகு அச்சுக்கு அனுப்பலாம்.