காயிலுக்குள் ஓடும் முக்கோணம்

காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. கைபேசிக்கு வேண்டியது 5 வோல்ட். மிச்சமுள்ள 7 வோல்ட்டை என்ன செய்வது? 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைப் போடுவது பழைய வழி. அது அந்த 7 வோல்ட்டையும் தானே வாங்கிக்கொண்டு சூடாக்கித் தொலைத்துவிடும். 1 ஆம்பியர் எடுத்தால் 5 வாட் கைபேசிக்குப் போகும், 7 வாட் வெறும் சூடாகப் போகும். வேலைக்கு ஆவதைவிட வீணாவது அதிகம்.

பக் கன்வெர்ட்டர் மிச்சத்தை எரிப்பதில்லை. வேண்டிய அளவுக்கு மட்டுமே பேட்டரியைத் தொடுகிறது. அதற்குள் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை மூடித் திறக்கிறது. முழுக்க மூடிய சுவிட்சில் வோல்ட்டேஜ் அதிகம் விழாது, முழுக்கத் திறந்த சுவிட்சில் கரன்ட் ஓடாது. அதனால் இரண்டு நிலையிலும் சூடு குறைவு. ஆனால் இப்படி 12, 0, 12, 0 என்று துள்ளும் வோல்ட்டேஜைக் கைபேசியிடம் நேராகக் கொடுக்க முடியாது. அதைச் சமன்செய்யத்தான் ஒரு காயில், ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர்.

இதில் கதாநாயகன் காயில்தான். சுமை ஏற்றிய தள்ளுவண்டியைப் போன்றது அது: தள்ளியதும் ஓடிவிடாது, விட்டதும் நின்றுவிடாது. காயிலில் ஓடும் கரன்ட்டும் அப்படித்தான். சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் 5 வோல்ட். இடையிலுள்ள 7 வோல்ட், கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது. சுவிட்ச் திறந்ததும் பேட்டரி விலகிவிடும். ஆனாலும் காயில் கரன்ட்டை நிற்கவிடாது, டயோடு வழியாக இழுத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். இப்போது வெளியேயுள்ள 5 வோல்ட் அதற்கு எதிராக நிற்பதால் கரன்ட் மெல்ல இறங்குகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வரைந்து பார்த்தால் முக்கோணம் முக்கோணமாக ஓடும்.

ஏறிய அளவும் இறங்கிய அளவும் ஒன்றாக இருந்தால்தான் இது நிலைக்கும். அதாவது 7 வோல்ட் தள்ளிய நேரமும் 5 வோல்ட் இழுத்த நேரமும் 5-க்கு 7 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். ஒரு சுற்றை 12 பங்காக்கினால் 5 பங்கு சுவிட்ச் மூடியிருக்கும், 7 பங்கு திறந்திருக்கும். 12-ல் 5 பங்கு நேரம் தொட்டால் 12 வோல்ட்டில் 5 வோல்ட் கிடைக்கிறது. பக் கன்வெர்ட்டரின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். டயோடிலும் சுவிட்சிலும் விழும் வோல்ட்டேஜுக்காக, மூடும் நேரம் நடைமுறையில் கொஞ்சம் கூடும்.

அந்த முக்கோணத்தின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியைத்தான் ரிப்பிள் என்கிறார்கள். அது எவ்வளவு என்பதை ஒரு நிஜப் பலகையை வைத்தே பார்த்துவிடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்எம்2596 என்று கேட்டால் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பலகை எடுத்துக் கொடுப்பார்கள். வோல்ட்டேஜைத் திருகிச் சரிசெய்ய, பித்தளைத் திருகோடு நீலநிறப் பெட்டி ஒன்று இருக்கும். பக்கத்தில் கறுப்பாகத் தடித்து நிற்பது காயில். அதன் மேல் 330 என்று அச்சிட்டிருந்தால் 33 மைக்ரோஹென்ரி, 470 என்றிருந்தால் 47. நம் கணக்குக்கு 33-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தச் சிப்பின் சுவிட்ச்சிங் அதிர்வெண் 150 கிலோஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 6.67 மைக்ரோநொடி, அதில் 12-ல் 5 பங்கு 2.78 மைக்ரோநொடி.

கரன்ட் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரே வரிதான்:

ΔI = V × t / L

7 வோல்ட்டை 2.78 மைக்ரோநொடியால் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 0.59 ஆம்பியர். கைபேசி 2 ஆம்பியர் எடுக்கிறது என்றால், காயிலில் கரன்ட் 1.7-க்கும் 2.3-க்கும் இடையே ஏறி இறங்கும். சராசரி 2. மேடுபள்ளத்தை வெளிப்புறக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள், ரிப்பிள் முழுச்சுமையில் 20 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பார்கள். நமக்கு வந்தது சுமார் 30. சரியான இடம்.

ஏன் இன்னும் குறைக்கக் கூடாது? குறைக்கலாம். பாதியாக்க வேண்டுமென்றால் காயிலின் மதிப்பை இரட்டிப்பாக்க வேண்டும். சுற்று கூடும், கம்பி நீளும், கம்பியின் தடையால் சூடு ஏறும், அளவும் விலையும் ஏறும். திடீரென்று சுமை கூடினால் காயில் சட்டென்று ஈடுகொடுக்காது. ரிப்பிள் பூஜ்யமாக வேண்டும் என்று நினைப்பது வீண்செலவு.

கூடிப்போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் எங்கும் தேடிப் போக வேண்டாம். எல்எம்2596 என்று பெயர் அச்சிட்டு வரும் மலிவுப் பலகைகள் சிலவற்றில் உள்ளே இருப்பது அந்தச் சிப் அல்ல. 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் பழைய தலைமுறைச் சிப்பின் மேல் புதிய பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த எல்எம்2576-இன் அதிர்வெண் 52 கிலோஹெர்ட்ஸ். வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் பிசகாமல் காட்டும். அதனால் வாங்கியவருக்குச் சந்தேகமே வராது.

காயில் அதே 33. ஆனால் ஒரு சுற்று இப்போது 19.2 மைக்ரோநொடி, சுவிட்ச் மூடியிருப்பது 8 மைக்ரோநொடி. அதே வரியில் போட்டால் ரிப்பிள் 1.7 ஆம்பியர். 2 ஆம்பியர் சுமையில் உச்சி 2.85-ஐத் தொடுகிறது, 3 ஆம்பியரில் 3.85. இங்கேதான் ஆபத்து. காயிலின் நடுவிலுள்ள ஃபெரைட் ஓர் அளவுக்கு மேல் காந்தத்தைத் தாங்காது. அது நிறைந்ததும் காயில், காயிலாக இருப்பதையே விட்டுவிடும். 33 மைக்ரோஹென்ரி சரசரவென்று விழும், கரன்ட் நேர்கோட்டை விட்டு மேல்நோக்கி வளையும். அலைக்காட்டியில் முக்கோணத்தின் உச்சி ஊசிபோல நிமிர்ந்திருந்தால் காயில் நிறைந்துவிட்டது என்று பொருள். சிப் தன்னைக் காத்துக்கொள்ள இடையிலேயே சுவிட்சைத் திறக்கும், வோல்ட்டேஜ் தொய்யும்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் கெப்பாசிட்டர் பாடுபடும். இந்தப் பலகைகளில் இருப்பது எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதற்குள்ளேயே ஒரு சிறிய தடை உண்டு. அது 0.1 ஓம் என்று வைத்தால், நல்ல சிப்பில் வெளியீட்டு வோல்ட்டேஜ் 59 மில்லிவோல்ட் ஆடும், போலியில் 170. உள்ளே உண்டாகும் சூடோ ரிப்பிளின் வர்க்கத்தில் ஏறும். ரிப்பிள் ஏறத்தாழ மூன்று மடங்கென்றால் சூடு எட்டு மடங்கு. சில மாதங்களில் கெப்பாசிட்டரின் தலை உப்பிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ரிப்பிளை மாற்றாமல் 500 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் 10 மைக்ரோஹென்ரி போதும். 2.1 மெகாஹெர்ட்ஸில் வெறும் 2.2. காயில் பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஆனால் சுவிட்ச் கணப்பொழுதில் மூடித் திறப்பதில்லை. மூடும்போதும் திறக்கும்போதும் சில நானோநொடிகள் பாதி மூடியும் பாதி திறந்தும் நிற்கிறது. அந்த நேரத்தில் வோல்ட்டேஜும் இருக்கும், கரன்ட்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சூடுதான். 12 வோல்ட், 2 ஆம்பியரில் இப்படி ஒரு சுற்றுக்கு 40 நானோநொடி போகிறது என்று கொள்வோம். 150 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.07 வாட், பொருட்படுத்த வேண்டாம். 500-இல் கால் வாட். 2.1 மெகாஹெர்ட்ஸில் 1 வாட். 10 வாட் கொடுக்கும் பலகையில் 1 வாட் என்பது பெரிய இழப்பு.

இன்னொரு தடையும் உண்டு. லாரியின் 24 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். 2 மெகாஹெர்ட்ஸில் சுவிட்ச் மூடியிருக்க வேண்டிய நேரம் 70 நானோநொடிக்கும் குறைவு. 100 நானோநொடிக்குக் கீழே தங்கள் சுவிட்சால் முடியாது என்று சொல்லும் சிப்கள் ஏராளம். மீறி ஓட்டினால் சிப் சில சுற்றுகளைத் தாண்டித் தாண்டி ஓடும், ரிப்பிள் கணக்கெல்லாம் தலைகீழாகும். உள்ளே வரும் வோல்ட்டேஜ் கூடினால் ரிப்பிளும் கூடும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் 150 கிலோஹெர்ட்ஸ் பலகையையே 24 வோல்ட்டில் மாட்டினால் 0.59 என்பது 0.8 ஆகிவிடும். அதனால் கணக்கை எப்போதும் அதிகபட்ச வோல்ட்டேஜுக்குத்தான் போட வேண்டும்.

காரென்றால் ரேடியோவும் உண்டு. மத்திய அலை வானொலி 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. கன்வெர்ட்டர் அதே இடத்தில் ஓடினால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். கீழே ஓடினாலும் அதன் மடங்குகள் உள்ளே விழும். 360 கிலோஹெர்ட்ஸின் இரட்டிப்பு 720, அது சென்னை வானொலியின் இடம். கார் கம்பெனிகளுக்கான சிப்கள் பல 2.1 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியதற்கு இதுவே காரணம். இழப்பைக் குறைக்க அங்கே சுவிட்சை இன்னும் வேகமாக்குகிறார்கள்.

ரேடியோ தொல்லை இல்லாத இடத்தில் 12-ஐ 5 ஆக்க, 2 ஆம்பியருக்கு, இன்றைய சிப்களில் 400 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் என்பதே என் தேர்வு. காயில் சிறியது, சூடும் தாங்கும் அளவு. இடத்துக்குப் பஞ்சமில்லை, பழுதுபார்க்கவும் எளிதாக இருக்க வேண்டும் என்றால் 150-உம் மோசமில்லை.

கையில் ஏற்கெனவே எல்எம்2596 பலகை இருந்தால், சிப்பின் இரண்டாவது காலில் அலைக்காட்டியை வைத்துப் பாருங்கள். ஒரு சுற்று 6 முதல் 8 மைக்ரோநொடிக்குள் வந்தால் கவலை வேண்டாம். 19 அல்லது 20 வந்தால் ஏமாந்திருக்கிறீர்கள். ஆனால் பலகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 33 மைக்ரோஹென்ரி காயிலைக் கழற்றிவிட்டு, 4 ஆம்பியர் தாங்கும் 100 மைக்ரோஹென்ரி காயிலையும், வெளிப்பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் போடுங்கள். எல்எம்2576-இன் தரவுத்தாளில் உள்ள மாதிரிச் சர்க்யூட்டில் இருப்பதும் அதே மதிப்புகள்தான்.