வெறுப்பான நாயகன்

என் கதையின் முதல் வரைவை நண்பர் ஏழாம் பக்கத்தில் மூடிவிட்டார். "இந்த ஆள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?" என்றார். நாயகன் ஒரு வீட்டுக்காரர். குடித்தனக்காரர்களுக்குக் காலையில் பத்து நிமிடம்தான் மோட்டார் போடுவார்.

அவர் வறுமையில் வளர்ந்தவர் என்று தொடக்கத்திலேயே இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்தேன். "இப்போது நீ அவருக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்றார் நண்பர். தவறு செய்வதைப் பார்க்கும் முன்பே காரணத்தைச் சொன்னால் அது சாக்காகத்தான் தெரிகிறது.

1843இல் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாவலை மறுபடி எடுத்தேன். கஞ்சன் ஸ்க்ரூஜின் கொடுமைகளைத்தான் அவர் முதலில் காட்டுகிறார். ஆனால் ஸ்க்ரூஜுக்கு வாய்த்துடுக்கு உண்டு. இறந்துபோன கூட்டாளி ஆவியாக வந்து நிற்கும்போது, நீ செரிக்காத மாட்டிறைச்சித் துண்டாகக்கூட இருக்கலாம் என்கிறான். நாம் சிரிக்கிறோம். அவன் பயத்தை அடக்கத்தான் அப்படிப் பேசுகிறான் என்று டிக்கன்ஸ் உடனே சொல்லிவிடுகிறார். அந்த நகைச்சுவைக்குள்தான் அவனுடைய பலவீனம் இருக்கிறது.

காரணம் அதற்குப் பிறகே வருகிறது. விடுமுறையில் எல்லோரும் போய்விட, பள்ளியில் தனியாக விடப்பட்ட சிறுவனாகத் தன்னையே பார்த்து அழுகிறான். முந்தைய இரவு வாசலில் பாடவந்த ஒரு பையனை விரட்டியது அப்போது அவன் நினைவுக்கு வருகிறது. எதையாவது கொடுத்திருக்கலாமே என்று வருந்துகிறான். பழைய காயம் இன்றைய செயலோடு சேரும் அந்த இடத்தில்தான் நான் அவன் பக்கம் சாய்ந்தேன்.

என் வரைவில் அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டினேன். குளிக்கத் தண்ணீர் போதவில்லை என்று குடித்தனக்காரர் வந்து நிற்கிறார். "காக்கா எவ்வளவு தண்ணீரில் குளிக்கிறது, பார்த்திருக்கிறீர்களா?" என்கிறார் வீட்டுக்காரர். இரவில் முட்டிவலியோடு மாடியேறி, தொட்டிக்குள் கைவிட்டு நீர்மட்டம் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறுகிறார். பாதிக் கதைக்கு மேல்தான் காரணம். ஊர்க் கிணற்றடியிலிருந்து அம்மா வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பப்பட்டதைக் குடித்தனக்காரரின் மகளிடம் ஒரே வரியில் சொல்கிறார். மறுநாளும் பத்தாவது நிமிடம் மோட்டாரை நிறுத்துகிறார். அதை நான் மாற்றவில்லை. மாற்றினால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

வரைவைப் படித்தவர் "பாவம்" என்று மட்டும் சொன்னால் எனக்கு இன்னும் வேலை பாக்கி. இம்முறை நண்பர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "அந்தப் பெண் குழந்தைக்காவது தண்ணீர் விட்டாரா?" என்று கேட்டார்.