பாட்டி முகத்தில் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது?

கேள்வி: தங்கை கல்யாண குரூப் போட்டோவில் பாட்டி கடைசி வரிசையில் நிற்கிறார். அவர் முகத்தை மட்டும் பார்க்கலாமென்று போனில் இரு விரலால் விரித்தால், சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. போனில் கோளாறா?

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. விரித்துக் காட்ட அந்தப் படத்தில் சரக்கு இல்லை.

டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் புள்ளிகளின் வரிசை. ஒரு பிக்சலுக்கு ஒரே நிறம். உங்கள் படத்தை 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அகலத்தில் 4000 பிக்சல், உயரத்தில் 3000. அதில் பாட்டியின் முகத்துக்கு அகலவாக்கில் 120 பிக்சல் கிடைத்திருக்கலாம். குடும்பக் குழுவில் அனுப்பும்போது, டேட்டாவை மிச்சப்படுத்த செயலி அதை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியிருந்தால், முகத்துக்கு மிஞ்சுவது 48 பிக்சல். அது எவ்வளவு குறைவு தெரியுமா? 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் போட்டோவை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். அந்த ஆதிகாலப் படத்துக்கே 176 பிக்சல் அகலம்!

ஆனால் நீங்கள் பார்க்கும் சதுரம் பெரும்பாலும் பிக்சல் அல்ல. ஏழு சென்டிமீட்டர் அகலத் திரை முழுக்க அந்த முகத்தை விரித்தால், ஒரு பிக்சல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அதையும் பல போன்கள் பக்கத்து நிறங்களோடு குழைத்து மழுப்பிவிடும். விரல் நகம் அளவுக்குக் கட்டங்கள் தெரிகின்றன என்றால் குற்றவாளி வேறு: ஜேபெக்.

படத்தைச் சுருட்டி வைக்கும் இந்த முறை, அதை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே எடுத்து, அதன் சராசரி நிறத்தையும் பெரிய ஏற்ற இறக்கங்களையும் காப்பாற்றி, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. லேசாகக் கழித்தால் யாருக்கும் தெரியாது. அளவுக்கு மீறிக் கழித்தால் ஒரு கட்டத்தின் ஓரமும் அடுத்ததன் ஓரமும் ஒட்டாமல் கோடு விழுகிறது. பாட்டியின் 48 பிக்சல் முகம் அகலத்துக்கு ஆறே கட்டங்கள். திரையில் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். சுருக்கம், மூக்குத்தி எல்லாம் போய் சதுரங்கள் மட்டும் நிற்பது இதனால்தான்.

சந்தேகமிருந்தால் அதே படத்தில் பின்னாலிருக்கும் வெற்றுச் சுவரை விரித்துப் பாருங்கள். ஒரே நிறமாக இருக்கவேண்டிய சுவரிலும் கட்டங்கள் தெரிந்தால் அது ஜேபெக்கின் வேலைதான். கட்டமே இல்லாமல் வெறுமனே மங்கினால் பிக்சல் பற்றாக்குறை.

கழித்த நுணுக்கம் அந்தப் பிரதிக்குள் இனி இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் திரும்பாது. படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பு இருக்கும். அதைப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது 120 பிக்சலும் அப்படியே வரும். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் மூக்குத்தி தெரிய வாய்ப்புண்டு.