ஒன்றுக்கு இரண்டு: பேங்க் ஆஃப் மதுரா இணைப்பின் கணக்கு

கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் மதுரையில் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001 மார்ச் 10 முதல் ஐசிஐசிஐ வங்கிக்குள் கரைந்தது. மதுரா பங்கு ஒன்று வைத்திருந்தவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் பங்கு இரண்டு. இணைப்பு நடந்தால் இப்படி ஒரு பரிமாற்ற விகிதமும், "எங்கள் ஒரு பங்கு வருவாய் கூடும்" என்ற பேச்சும் சேர்ந்தே வரும். இந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பார்க்க இதைவிடத் தெளிவான கேஸ் நம் பக்கத்தில் இல்லை.

கையில் எடுக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் முழுமையாக்கியே சொல்கிறேன். 1999-2000 நிதியாண்டில் ஐசிஐசிஐ வங்கியின் நிகர லாபம் சுமார் 105 கோடி ரூபாய், பங்குகள் 19.7 கோடி. ஒரு பங்குக்கு வருவாய் சுமார் 5.35 ரூபாய். மதுராவின் லாபம் 45 கோடியை ஒட்டி. ஆனால் பங்குகள் 1.18 கோடிதான். ஆகவே ஒரு பங்குக்கு 38 ரூபாய்க்கு மேல். சந்தை விலையோ தலைகீழ். இணைப்பு அறிவிப்பு வந்த 2000 டிசம்பரில் ஐசிஐசிஐ வங்கிப் பங்கு 170 ரூபாய் அளவில் விற்றது. மதுரா பங்கு அதற்கு முந்தைய நாட்களில் வேகமாக ஏறியும் 130 ரூபாய்ச் சுற்றில்தான் இருந்தது. ஐசிஐசிஐ வங்கி சம்பாதிக்கும் ஒரு ரூபாய்க்குச் சந்தை 32 ரூபாய் கொடுத்தது. மதுராவின் ஒரு ரூபாய்க்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. புதுத் தலைமுறை வங்கி, ஏடிஎம், இணைய வங்கிச் சேவை என்று ஒரு பக்கம். வாராக்கடனும் பழைய கிளைகளுமாக மறுபக்கம். சந்தை அப்படித்தான் பார்த்தது.

இப்போது இணைத்துப் பார்ப்போம். மதுரா பங்குதாரர்களுக்கு 2.36 கோடி புதுப் பங்கு. மொத்தம் சுமார் 22 கோடி. இரண்டு லாபத்தையும் கூட்டினால் சுமார் 151 கோடி. வகுத்தால் பங்குக்கு 6.85 ரூபாய். ஒரு கிளையில்கூட வேலை எதுவும் மாறாமல், ஒரு புது வாடிக்கையாளர்கூடச் சேராமல், வாங்கிய வங்கியின் ஒரு பங்கு வருவாய் 5.35-லிருந்து 6.85 ஆகிவிட்டது. 28 சதவீத ஏற்றம்.

இதில் திறமை எதுவும் இல்லை. 32 மடங்கு மதிப்புள்ள தன் பங்கைக் கொடுத்து, லாபத்தைப்போல் ஒன்பது மடங்குக்கும் குறைந்த விலைக்கு இன்னொரு வங்கியை வாங்கினால் இது தானாக நடக்கும். வாங்குபவரின் விலை-வருவாய் மடங்கு, தான் கொடுக்கும் விலையின் மடங்கைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு பங்கு வருவாய் ஏறும். சிறிதாக இருந்தால் இறங்கும்.

இதை ஓர் எல்லைவரை இழுத்துப் பார்த்தால் அபத்தம் புரியும். மதுராவின் ஒரு பங்கு வருவாயை ஐசிஐசிஐ வங்கியின் ஒரு பங்கு வருவாயால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வரும். அதாவது ஒன்றுக்கு இரண்டு என்ன, ஒன்றுக்கு ஏழு கொடுத்திருந்தாலும் ஐசிஐசிஐ வங்கியின் ஒரு பங்கு வருவாய் குறைந்திருக்காது. ஆனால் அப்படிக் கொடுத்தால், சந்தை ஏறத்தாழ 150 கோடி என்று மதித்த வங்கிக்காக, ஏறத்தாழ 3,350 கோடி மதிப்புள்ள தன் வங்கியில் முப்பது சதவீதத்தை எழுதிக்கொடுத்ததாக ஆகும். எந்தப் பங்குதாரர் ஒப்புவார்? ஒரு பங்கு வருவாய் ஏறுகிறதா என்பது மட்டுமே சோதனை என்றால் இதுவும் தேறிவிடும்.

மதுரா பங்குதாரரின் பக்கமும் சுவாரசியமானது. 38 ரூபாய் வருவாய் தந்த ஒரு பங்கைக் கொடுத்தவருக்கு, இரண்டு பங்குமாகச் சேர்ந்து 13.70 ரூபாய் வருவாய்தான். ஆனால் 130 ரூபாய்ப் பங்கு 340 ரூபாய் ஆனது. வருவாயை இழந்து விலையை வாங்கிக்கொண்டார்.

உண்மையான கேள்வி இந்த 340-க்கும் 130-க்கும் நடுவில் இருக்கிறது. பங்குக்கு 210 ரூபாய் பிரீமியம். 1.18 கோடி பங்குக்குப் பெருக்கினால் சுமார் 250 கோடி. இந்தப் பணம் ஐசிஐசிஐ வங்கியின் பழைய பங்குதாரர் பையிலிருந்து போகிறது. அது திரும்ப வர வேண்டுமானால் இரண்டு வங்கிகளும் சேர்ந்ததால் மட்டுமே பிறக்கும் கூடுதல் மதிப்பு, நிதித்துறையினர் சினர்ஜி என்று சொல்வது, இன்றைய மதிப்பில் குறைந்தது 250 கோடியாக இருக்க வேண்டும். முதலுக்கு ஆண்டுக்குப் பதினைந்து சதவீத வருமானம் எதிர்பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், வரி போக ஆண்டுக்கு 37 கோடிக்கு மேல், அதுவும் நிரந்தரமாக. மதுராவின் முழு ஆண்டு லாபமே 45 கோடிதான் என்பதை நினைவில் வையுங்கள். இணைப்பின் முதல் மூன்று ஆண்டு பலன் எதுவும் வராமல் நாலாவது ஆண்டில்தான் தொடங்குகிறது என்றால் 37 போதாது. ஆண்டுக்கு 57 கோடி தேவை. சினர்ஜிக் கணக்குகள் பெரும்பாலும் சறுக்குவது தொகையில் அல்ல, இந்தத் தாமதத்தில்தான்.

அது எங்கிருந்து வரும்? தென்மாவட்டங்களில் வேரூன்றிய கிளைகள், அங்கே குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் சேமிப்பு டெபாசிட், அந்த வாடிக்கையாளர்களிடம் ஐசிஐசிஐ விற்கக்கூடிய மற்ற சேவைகள். புதிதாக இத்தனை கிளைகள் திறக்க உரிமமும் காலமும் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால் இது சிறிய விஷயமல்ல. எதிர்க்கணக்கும் உண்டு: கிளைகளைக் கணினியால் இணைக்கும் செலவு, இரு சம்பள முறைகளைச் சமப்படுத்தும் செலவு, பழைய கடன்களுக்கு ஒதுக்கீடு. ஆலோசகர்களின் அறிக்கைகளில் முதல் பட்டியல் முன் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதைத் தேட வேண்டும்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பிரீமியம் முழுவதும் சினர்ஜிக்குக் கொடுத்த விலையாக இருக்க வேண்டியதில்லை. மதுராவின் நிகர மதிப்பு ஏறத்தாழ 248 கோடி. பங்குக்கு 210 ரூபாய் புத்தக மதிப்பு. சந்தை 130 என்று மதித்தது தவறாக இருந்து 210 சரியாக இருந்தால், பிரீமியத்தில் ஒரு பகுதி வெறும் விலைத் திருத்தம். அப்போது சினர்ஜி சுமார் 150 கோடி வந்தாலே போதும். ஆனால் கடன் புத்தகத்தில் வாராதவை காட்டியதைவிட அதிகம் என்றால் அந்த 210 கரையும், தேவைப்படும் சினர்ஜி மறுபடி ஏறும். ஒரு வங்கியை வாங்கும்போது பேரத்தின் பெரும்பகுதி ஏன் கடன் கோப்புகளில் நடக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு நடந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2000-01-இல் ஐசிஐசிஐ வங்கி 161 கோடி லாபம் காட்டியது. ஒரு பங்கு வருவாய் எட்டு ரூபாயைத் தாண்டியது. புதுப் பங்குகள் அந்த ஆண்டில் இருந்தது 22 நாட்கள்தான். லாபத்தைச் சராசரிப் பங்கு எண்ணிக்கையால் வகுப்பதால், 2.36 கோடி பங்கும் அந்தக் கணக்கில் 14 லட்சமாகத்தான் விழுந்தது. ஆகவே அந்த எட்டு ரூபாய்க்கும் மதுரா இணைப்புக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை. அடுத்த ஆண்டே தாய் நிறுவனமான ஐசிஐசிஐ லிமிடெட்டும் வங்கிக்குள் வந்து, பங்கு எண்ணிக்கை 60 கோடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு மதுராவின் தடத்தைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

என் தீர்ப்பு இதுதான்: ஒன்றுக்கு இரண்டு என்பது மலிவான விலையும் அல்ல, ஒரு பங்கு வருவாய் காட்டியது போன்ற வெற்றியும் அல்ல. நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போவதாக ஆவணம் அனுப்பினால், ஒரு பங்கு வருவாய் ஏறும் என்ற வரியைத் தாண்டிப் போங்கள். கொடுக்கும் பங்குகளை அன்றைய விலையால் பெருக்கி, வாங்கும் நிறுவனத்தின் சந்தை மதிப்பைக் கழியுங்கள். வரும் தொகையை எந்த ஆண்டில், எதிலிருந்து மீட்கப்போகிறார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் எதிர்த்து வாக்களியுங்கள்.