டிக்காஷனில் ஒரு கேக்

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று சொந்த ஊரான சத்தியவேட்டில் குடியேறிய பிறகு, சமையற்கட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தேன். சென்ற ஆண்டு என் பேத்தியின் பிறந்தநாளுக்கு, முட்டை சேர்க்காத சாக்லேட் கேக் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக் கொண்டேன். தண்ணீருக்குப் பதிலாகக் காபி டிக்காஷன் ஊற்றினால் சாக்லேட் சுவை கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் டிக்காஷனையே தாராளமாக ஊற்றினேன். கேக் கரி நிறத்தில், வேப்பங்காயாகக் கசந்தது. குழந்தை ஒரு வாய் தின்றுவிட்டு, "தாத்தா, மருந்து மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த நாள் கடையில் வாங்கிய கேக்கை வெட்டினோம்.

கோளாறு எங்கே என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையில் நான் கற்ற பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அளவுகளைப் பாதியாக்கி, சிறிய தட்டில் சோதித்தேன்.

முதலில் பொடியை மாற்றினேன். நம் வீடுகளில் வாங்கும் பொடியில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். இந்தியாவில் விற்கும் கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலப்பு விகிதம் பொட்டலத்தின் மேல் அச்சாகியிருக்கும். சிக்கரி டிக்காஷனைக் கெட்டியாகவும் கறுப்பாகவும் காட்டும். ஆனால் அந்த நிறம் காபியின் மணம் அல்ல. சிக்கரிக்கென்று ஒரு தனிக் கசப்பும் உண்டு. சிக்கரி கலக்காத அராபிகா பொடியில் செய்தபோது மணம் வந்தது, கசப்பும் குறைந்தது. ஆனாலும் முழுவதும் போகவில்லை. அராபிகாவுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது.

அடுத்து டிக்காஷனின் அடர்த்தியைக் குறைத்தேன். அப்போதுதான் கேக் சரியாக வந்தது. காபியும் கோகோவும் இரண்டுமே வறுத்த கொட்டைகள். அளவாகச் சேர்த்தால் காபி தன்னைக் காட்டாமல் கோகோவைத் தூக்கிக் காட்டும். மிஞ்சினால் கசப்பு மட்டுமே நிற்கும்.

செய்முறை இதுதான். ஃபில்டரில் 20 கிராம் (சுமார் 3 மேசைக்கரண்டி) பொடி போட்டு லேசாக அழுத்தி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி 20 நிமிடம் விடவும். இறங்கிய டிக்காஷனில் 120 மில்லி எடுத்து, அதே அளவு வெந்நீர் சேர்க்கவும். அது சூடாக இருக்கும்போதே 30 கிராம் கோகோ பவுடரைக் கலந்தால் கோகோவின் மணம் நன்றாக விரியும். 190 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 1 தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்து வையுங்கள். கோகோ கலவை வெதுவெதுப்பாக ஆறியதும், 75 மில்லி எண்ணெயும் 1 மேசைக்கரண்டி வினிகரும் விட்டு, மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கவும். உடனே 8 அங்குலத் தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடவும். கலந்தபின் தாமதித்தால் சோடாவும் வினிகரும் எழுப்பிய குமிழிகள் போய்விடும். கேக் நடுவில் அமுங்கும்.

டிக்காஷனுக்குப் பதில் காபிப் பொடியையே மாவில் போடலாமா என்று என் தம்பி கேட்டான். வேண்டாம், அது கரையாது. பல்லில் மணல்போல் நறநறக்கும். கரைவது இன்ஸ்டன்ட் தூள்தான், ஏனெனில் அது டிக்காஷனையே உலர்த்தி எடுத்தது. அரைத்த பொடிக்கு உகந்த இடம் இறைச்சி. அரைக் கிலோ கோழித் தொடைக்கு 1 மேசைக்கரண்டி மெல்லிய பொடி, மிளகாய்த்தூள், தனியாத்தூள், வெல்லம், உப்பு தலா 1 தேக்கரண்டி தடவி அரை மணி ஊறவிட்டு, மிதமான தீயில் வாட்டவும். தீ அதிகமானால் வெல்லமும் பொடியும் முந்திக் கருகும், உள்ளே வேகாது.

இத்தாலியரின் திராமிசு செய்வோர் டிக்காஷனை நன்றாக ஆறவிடவும். அதற்குரிய பிஸ்கட்டை ஒரு விநாடி முக்கி எடுத்தால் போதும். சூட்டில் ஊறவிட்டால் கூழாகிவிடும்.

இன்னொன்று: வெந்தாலும் காபியின் காஃபீன் போவதில்லை. ஆகவே குழந்தைகளுக்குச் சிறு துண்டாக, மாலைக்குள் கொடுங்கள்.

இந்த ஆண்டு பிறந்தநாளுக்கு நான் செய்த கேக்கையே வெட்டினோம். பேத்தி இரண்டாம் துண்டு கேட்டாள். அதில் காபி இருப்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.