மணல் வந்த தொலைவு: சல்லடை எதைச் சொல்கிறது?

நிலவியலின் தொடக்கப் பாடங்களில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறும். மணல் மணிகள் ஒரே அளவாகவும் உருண்டையாகவும் இருந்தால் அந்த மணல் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தது. பெரிதும் சிறிதுமாய்க் கலந்து, முனைகள் கூராக இருந்தால் அதன் தாய்ப்பாறை அருகில்தான் இருக்கிறது. தேர்வில் எழுத இது போதும். ஒரு பை மணலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எவ்வளவு தூரம் வந்திருக்கும்?" என்று உண்மையாகவே கேட்பவருக்கு இது போதாது. மணிகள் ஒரே அளவாவதற்கு ஒரு காரணம், அவற்றின் முனை மழுங்குவதற்கு வேறொரு காரணம். முதலாவதைச் சல்லடை காட்டும். இரண்டாவதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

சல்லடைச் சோதனை எளிமையானது. ஆனால் பொறுமை வேண்டும். மணலை அடுப்பில் நன்கு உலர்த்த வேண்டும். கடற்கரை மணலாக இருந்தால் முதலில் நன்னீரில் கழுவி உப்பைப் போக்கிவிட வேண்டும். இல்லையேல் உப்பு மணிகளை ஒட்டவைத்துவிடும். சேறு கலந்திருந்தால் 0.063 மில்லிமீட்டர் சல்லடையில் நீர்விட்டு அலசி அதை அகற்ற வேண்டும். பிறகு மணலைக் கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை மட்டும் எடுத்து, ஏறக்குறைய 100 கிராம் வரும்வரை இப்படியே குறைக்கிறோம். பையிலிருந்து கையால் அள்ளினால் பருமணல் ஒருபுறமும் பொடிமணல் ஒருபுறமுமாகச் சரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

சல்லடைகளை 2, 1, 0.5, 0.25, 0.125, 0.063 மில்லிமீட்டர் என்ற வரிசையில், பெரிய கண் மேலேயும் சிறிய கண் கீழேயுமாக அடுக்குகிறோம். ஒவ்வொரு கண்ணும் முந்தையதில் பாதி. ஆகவே ஒரு சல்லடையிலிருந்து அடுத்ததற்கு இறங்குவதை ஒரு 'படி' என்று கொள்ளலாம். நிலவியலார் இதனை 'ஃபை' என்பர். குலுக்கியில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆட்டியபின், ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை நிறுக்கிறோம். எல்லாவற்றையும் கூட்டினால் தொடக்க எடை வர வேண்டும். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் எங்கோ மணல் சிந்தியிருக்கிறது, அல்லது கண்களில் சிக்கியிருக்கிறது. ஒரு சல்லடைக்குக் கீழே, அங்கே வரவே முடியாத பெரிய மணி கிடந்தால் வலை கிழிந்திருக்கிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், கருங்கல் மலையிலிருந்து இறங்கும் ஆறு ஒன்றில் 100 கிராம் மணல் எடுத்தோம் என வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக 8, 22, 34, 22, 9, 4 கிராம் தங்கி, அடித்தட்டில் 1 கிராம் விழுகிறது. பெரிய மணியிலிருந்து எடையைக் கூட்டிக்கொண்டே வந்தால், 16 கிராம் நிறையும் இடம் சுமார் 1.6 மில்லிமீட்டர்; 84 கிராம் நிறையும் இடம் சுமார் 0.27 மில்லிமீட்டர். இந்த இரண்டுக்கும் இடையே இரண்டரைப் படி இருக்கிறது. அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 1.3, இந்த மணலின் தரம்பிரிவு எண். ஃபோக், வார்டு என்ற இருவர் 1957இல் தந்த வாய்பாடு இருமுனைகளிலும் உள்ள 5, 95 விழுக்காட்டு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும். நமக்கு இந்த எளிய வடிவமே போதும். எண் 1ஐத் தாண்டினால் அது சரியாகத் தரம்பிரியாத மணல், 0.5க்குக் கீழிருந்தால் நன்கு தரம்பிரிந்த மணல்.

இப்போது கிழக்குக் கடற்கரை மணல் ஒன்று. 2 மில்லிமீட்டரில் ஒன்றுமில்லை. பிறகு 1, 5, 80, 13, 1 கிராம். இங்கே 16க்கும் 84க்கும் உரிய அளவுகள் 0.46, 0.25 மில்லிமீட்டர். இடைவெளி ஒரு படிகூட இல்லை. எண் ஏறக்குறைய 0.4. இந்த மணல் ஆற்று மணலைவிட அதிகத் தூரம் வந்தது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. அலை மணலை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தூக்கிப் போடுகிறது. பொடி கடலுக்குள் போகிறது, பருமன் தங்கிவிடுகிறது. இப்படிப் பிரிப்பதற்கு நூறு கிலோமீட்டர் தேவையில்லை, ஒரே இடத்தில் நின்று சலித்தால் போதும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. கிண்டா பள்ளத்தாக்கின் பழைய ஈயச்சுரங்கங்களில் மண்ணை நீரோடு கலந்து 'பாலோங்' என்ற நீண்ட மரச்சாய்வில் ஓடவிட்டார்கள். கனமான ஈயத்தாது மரத்தடுப்புகளில் தங்கிவிடும். மீதியில் மணல் வாயருகே குவிய, சேறு தள்ளிப்போய்க் குட்டையில் படிந்தது. சில நூறு மீட்டர் ஓட்டத்திலேயே மணல் வேறு, சேறு வேறு ஆகிவிட்டது. ஆனால் அந்த மணலை உருப்பெருக்கியில் பார்த்தால் மணிகள் இன்னும் கூர்முனையோடுதான் இருக்கும். ஆகவே தரம்பிரிவு எண், மணலை எது சலித்தது, எத்தனை முறை சலித்தது என்பதையே முதன்மையாகச் சொல்கிறது.

அப்படியானால் உருண்மையாவது தொலைவைச் சொல்லுமா? இதற்கு விடை மணியின் அளவைப் பொறுத்தது. அதனால்தான் சல்லடை முதலில் வருகிறது. 0.1 மில்லிமீட்டர் மணி நீரில் மிதந்தே போய்விடும். மோதினாலும் அடி விழாது. 1 மில்லிமீட்டர் மணி அடித்தரையில் உருண்டு செல்லும். ஆகவே இரண்டு இடத்து மணலை ஒப்பிடும்போது ஒரே சல்லடையில் தங்கிய மணிகளை மட்டும், எடுத்துக்காட்டாக 0.25இல் தங்கியவற்றை, எடுத்து நூறு மணியாவது பார்க்க வேண்டும். பவர்ஸ் என்பவர் 1953இல் வெளியிட்ட படவரிசையில் மிகக் கூர்மை முதல் நன்கு உருண்டது வரை ஆறு வகுப்புகள் உள்ளன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியையும் ஒரு வகுப்பில் சேர்ப்பார்கள். இருவர் பார்த்தால் இருவித விடை வருவது இயல்பு. அதனால் ஒருவரே எல்லா மாதிரிகளையும் பார்ப்பது நல்லது.

இப்படிப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் கைரோ நகரிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை, ஆற்றின் போக்கில் 1,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் எடுத்த மணலை ரசல், டெய்லர் என்ற இருவர் ஆராய்ந்து 1937இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கீழே போகப்போக உருண்மை கூடும் என்றுதானே எண்ணுவோம்? கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. சில மணிகள் வழியில் உடைந்து புது முனை பெறுவதை அவர்கள் காரணமாகக் கூறினார்கள். பின்னர் கூனன் என்ற டச்சு நிலவியலாளர் குவார்ட்ஸ் மணிகளை வட்டத் தொட்டியில் நீரிலும் காற்றிலும் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரே தொலைவுக்கு, காற்று நீரைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை அதிகமாகத் தேய்க்கிறது என்று கண்டார். நீரில் சிறு மணியைச் சுற்றியுள்ள நீரே மெத்தையாகிவிடுகிறது. காற்றில் அந்த மெத்தை இல்லை. ஆகவே ஆற்று மணலில் நன்கு உருண்ட குவார்ட்ஸ் கிடைத்தால், 'நீண்ட ஆறு' என்று எழுதுமுன் பழைய பாலைவனம் ஒன்றையோ, பழைய மணற்பாறை ஒன்று கரைந்து மீண்டும் மணலானதையோ நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொலைவைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுபவை கூழாங்கற்களே. கனமானவை என்பதால் ஒவ்வொரு மோதலிலும் முனை சிதறும். அங்கும் உருண்மை முதல் சில கிலோமீட்டரில் விரைந்து ஏறி, பிறகு மிக மெதுவாகத்தான் நகரும். அதனால் 'இந்தக் கல் நெடுந்தூரம் வந்தது' என்பதைவிட 'இந்தக் கல் அதிக தூரம் வரவில்லை' என்பதையே உறுதியாகச் சொல்ல முடிகிறது. கிண்டாவின் ஓடை ஒன்றில் கூர்முனைச் சுண்ணாம்புக்கல்லும் உருண்ட வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லும் அருகருகே கிடந்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் மென்மையானது, எளிதில் மழுங்கும்; அது இன்னும் கூராக இருப்பதால் பக்கத்துக் குன்றிலிருந்து வந்திருக்கிறது. குவார்ட்ஸ் அதைவிடக் கடினமானது. அது உருண்டிருப்பதால் தொலைவிலிருந்து வந்திருக்கலாம், அல்லது இதற்குமுன் வேறோர் ஆற்றில் உருண்டிருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை அந்த ஓடையில் மேல்நோக்கி நடந்து, கரையில் பழைய பருக்கைக்கல் அடுக்கு ஏதேனும் தெரிகிறதா என்று தேடித்தான் முடிவுசெய்ய வேண்டும்.